நாற்பது லேப்டாப், ஒரே ஆக்சஸ் பாயின்ட்: வேகம் எங்கே போகிறது?

கம்ப்யூட்டர் லேபில் ஐந்தாறு லேப்டாப் மட்டும் இணைந்திருக்கும்போது வைஃபை நன்றாகவே ஓடுகிறது. நாற்பதையும் ஒன்றாகத் திறந்து வேலையைத் தொடங்கியதும் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன, லாகின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிலருக்கு இணைப்பே அறுந்து மறுபடி வருகிறது. திரையில் பார்த்தால் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்துதான் இருக்கின்றன. உடனே பழி இன்டர்நெட் லைன் மேல் விழும், அல்லது வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் கெட்டுவிட்டது என்பார்கள். இரண்டும் சரியாக இருந்தும் இது நடக்கும். தீர்ந்துபோவது பெரும்பாலும் வேறொன்று: ஏர்டைம், அதாவது காற்றில் பேசக் கிடைக்கும் நேரம்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு லேபை எடுத்துக்கொள்வோம். ஒரு அறை, நாற்பது லேப்டாப், கூரையில் ஒரே ஆக்சஸ் பாயின்ட். அது வைஃபை 5 வகை, இரண்டு ஆன்டெனா உள்ளது. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓடுகிறது. லேப்டாப்களும் இரண்டு ஆன்டெனா உள்ளவை. இந்த ஜோடிக்கு அதிகபட்ச இணைப்பு வேகம் விநாடிக்கு 867 மெகாபிட்.

பெட்டியின் மேல் 1200 என்று போட்டிருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867 இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. எந்த ஒரு லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளாது, எனவே அந்த எண்ணை மறந்துவிடலாம். பக்கத்திலேயே "128 பயனர்கள் வரை" என்றும் இருக்கும். எத்தனை கருவிகளின் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கான எண் அது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியும் என்று அதில் எந்த உறுதியும் இல்லை.

## ஒரு மைக், நாற்பது பேர்

கேபிளில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி வயர் போகிறது. வைஃபையில் அப்படி இல்லை. ஒரு சேனலில் எந்த நொடியிலும் ஒருவர்தான் பேசலாம். ஆக்சஸ் பாயின்ட்டும் அதில் சேர்த்தி. கூட்டத்தில் ஒரே மைக் கைமாறிக்கொண்டிருப்பது போலத்தான். ஒருவர் எவ்வளவு வேகமாகப் பேசக்கூடியவராக இருந்தாலும், மைக் அடுத்தவர் கையில் இருக்கும்போது அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

லேப்டாப் திரையில் தெரியும் 867 என்பது மைக் தன் கைக்கு வந்தபின் அது பேசும் வேகம். மைக் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதனால்தான் நாற்பது பேர் திணறிக்கொண்டிருக்கும்போதும் எல்லாத் திரைகளிலும் 867 என்றே காட்டும்.

அந்த 867-உம் முழுதாகக் கைக்கு வராது. ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்னும் காத்திருக்க வேண்டும், பேசியபின் "வந்து சேர்ந்தது" என்ற பதிலைப் பெற வேண்டும். இதெல்லாம் போக, அருகில் இருக்கும் ஒற்றை லேப்டாப்புக்கு உண்மையில் கிடைப்பது 867-இல் பாதியோ கொஞ்சம் கூடவோதான். 400 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் போட்டி போடும்போது மோதல்களும் மறு அனுப்பல்களும் கூடி மொத்தமே இன்னும் இறங்கும். 250 என்று கணக்குப் போடுவது நியாயமானது.

இப்போது ஒரு பயிற்சிக்காக எல்லோரும் 200 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை இறக்க வேண்டும். 200 மெகாபைட் என்பது 1600 மெகாபிட். ஒருவர் மட்டும் இறக்கினால் 1600-ஐ 400-ஆல் வகுத்து 4 விநாடி. நாற்பது பேரும் ஒன்றாக அழுத்தினால் மொத்தம் 64,000 மெகாபிட். 250-ஆல் வகுத்தால் 256 விநாடி, அதாவது நான்கு நிமிடத்துக்கும் மேல். நான்கு விநாடி நான்கு நிமிடமாக மாறியிருக்கிறது, ஆனால் எந்தக் கருவியும் கெடவில்லை. இது வெறும் வகுத்தல் கணக்கு. லேபில் "நேற்று தனியாகச் சோதித்தபோது பறந்ததே" என்று குழம்புபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

சரி, கணக்குப்படி நான்கு நிமிடம் ஆக வேண்டியது எட்டு நிமிடம் ஆகிறது என்றால்? அப்போது யாரோ மைக்கை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

## மெதுவாகப் பேசும் இருவர்

லேப்டாப் தூரத்திலோ இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ இருந்தால் சிக்னல் பலவீனமாகும். தவறு வராமல் இருக்க அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணைப்பு அறுவதில்லை, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அதே அளவு தகவலை அனுப்ப அது பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. வைஃபையின் அடிப்படை விதி வாய்ப்பைத்தான் சமமாகப் பங்கிடுகிறது, நேரத்தை அல்ல. வேகமானவருக்கும் ஒரு முறை, மெதுவானவருக்கும் ஒரு முறை. முறை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை அந்த விதி பார்ப்பதில்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் கொடுமை தெரியும். நம் லேபில் 38 லேப்டாப்கள் விநாடிக்கு 300 மெகாபிட் உண்மையான வேகத்தில் பேசக்கூடியவை, மீதி இரண்டும் 15 மெகாபிட்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 10 மெகாபிட் தகவல் போக வேண்டும். வேகமான ஒன்றுக்கு 33 மில்லி விநாடி ஆகும். 38-க்கும் சேர்த்து ஏறத்தாழ 1.27 விநாடி. மெதுவான ஒன்றுக்கு 667 மில்லி விநாடி, இரண்டுக்கும் 1.33 விநாடி.

நாற்பதில் வெறும் இரண்டு, மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டன. எல்லோரும் வேகமானவர்களாக இருந்திருந்தால் 1.33 விநாடியில் முடிந்திருக்க வேண்டியது 2.6 விநாடி ஆகிறது. லேப் முழுவதின் வேகமும் பாதியாகிறது. தண்டனை அந்த இருவருக்கு மட்டும் இல்லை, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இந்த இருவரைக் கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் நான்கைந்து வரிகள்தான் நமக்குத் தேவை. நல்ல நிலையில் உள்ள லேப்டாப் இப்படிக் காட்டும்:

```
Radio type             : 802.11ac
Channel                : 36
Receive rate (Mbps)    : 866.7
Transmit rate (Mbps)   : 866.7
Signal                 : 91%
```

கடைசி வரிசையில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் இதே சேனல் 36, ஆனால் `Receive rate` 32.5 என்று இருந்தால், தேடியவர் கிடைத்துவிட்டார். அதன் உண்மையான வேகம் இதிலும் பாதிதான், அதாவது நம் கணக்கில் வந்த 15-க்குப் பக்கம். கட்டளையைத் தட்டும்போது லேப்டாப் ஏதாவது இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் லேப்டாப் காட்டும் எண்ணை நம்ப முடியாது. 433.3 என்று ஒன்று காட்டினால் பதற வேண்டாம், அது ஒற்றை ஆன்டெனா மட்டும் உள்ள லேப்டாப். அது வாங்கும்போதே அப்படித்தான், சரிசெய்ய ஒன்றும் இல்லை.

சேனல் எண் 1, 6, 11 என்று காட்டும் லேப்டாப்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. அவை 5 கிகாஹெர்ட்ஸ் நேரத்தைத் தின்பதில்லை, ஆனால் அவற்றின் கூட்டம் அங்கே இன்னும் மோசமாக இருக்கும். 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று படாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் மூன்றே மூன்றுதான், அதையும் சுற்றியுள்ள எல்லா வைஃபையும் புளூடூத் மவுஸ்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும் லேப்டாப் 2.4-இல் ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, லேப்டாப்களில் 5-இன் பெயரை மட்டும் வைத்து மற்றதை நீக்கிவிடுவது எளிய வழி.

மெதுவான இருவருக்கு என்ன செய்வது? முதலில் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் அறையின் ஒரு மூலையில் இருந்தால் நடுவுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பல ஆக்சஸ் பாயின்ட்களின் அமைப்புப் பக்கத்தில் `Airtime Fairness` என்று ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் முறைக்குப் பதில் நேரத்தைச் சமமாகப் பங்கிடும். ஆனால் அது கட்டுப்படுத்துவது ஆக்சஸ் பாயின்ட் அனுப்பும் பக்கத்தை மட்டுமே. மெதுவான லேப்டாப் தானாக மேலே அனுப்பும்போது எடுக்கும் நேரத்தை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. கோப்பு இறக்கும் லேபில் நன்றாக உதவும், எல்லோரும் வேலையை மேலே ஏற்றும் நேரத்தில் அவ்வளவாக உதவாது.

## சின்னப் பாக்கெட்டின் பெரிய செலவு

சேனல் அகலம் என்றதும் "அகலப்படுத்தினால் வேகம் இரட்டிப்பு" என்பார்கள். பேசும் வேகத்துக்கு அது உண்மை: 20 மெகாஹெர்ட்ஸில் சுமார் 173, 40-இல் 400, 80-இல் 867. அப்படியானால் 80-இல் ஓடும் லேப் ஏன் திணறுகிறது? தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகிறது. ஒரே ஒரு பாக்கெட் காற்றில் போகும் நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பேச விரும்பும் லேப்டாப் சேனல் அமைதியானதும் முதலில் சுமார் 40 மைக்ரோ விநாடி பொறுக்கிறது. அப்புறம் 0 முதல் 15 வரை ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டதுபோல் தேர்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் 9 மைக்ரோ விநாடி காத்திருக்கிறது. சராசரியாக இது 67. பிறகு "இதோ பேசப் போகிறேன், இந்த வேகத்தில்" என்று அறிவிக்கும் முன்னுரைக்குச் சுமார் 45. தகவல் போனபின் 16 மைக்ரோ விநாடி இடைவெளி, அதன்பின் பெற்றுக்கொண்டேன் என்ற பதிலுக்கு 30 சொச்சம். தகவலைத் தவிர்த்த செலவு மட்டும் ஏறக்குறைய 200 மைக்ரோ விநாடி.

தகவலுக்கு எவ்வளவு? 1500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். 867 வேகத்தில் 14 மைக்ரோ விநாடி, 400 வேகத்தில் 30 மைக்ரோ விநாடி. ஆக மொத்தம் 80 மெகாஹெர்ட்ஸில் 214, 40 மெகாஹெர்ட்ஸில் 230. சேனலை இரண்டு மடங்கு அகலமாக்கி நாம் மிச்சம் பிடித்தது நூற்றில் ஏழு பங்கு. அகலம் குறைப்பது தகவலுக்கான அந்தச் சிறு துண்டை மட்டுமே. காத்திருப்பும் முன்னுரையும் எந்த அகலத்திலும் அப்படியேதான் இருக்கும்.

பெரிய கோப்பு இறங்கும்போது ஆக்சஸ் பாயின்ட் பல பாக்கெட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே முறையில் அனுப்பிவிடும், அப்போது 200 மைக்ரோ விநாடிச் செலவு பல பாக்கெட்டுக்கும் பங்காகிறது, அகலமும் நன்றாகப் பலன் தருகிறது. ஒற்றை லேப்டாப்பில் வேகச் சோதனை ஓட்டினால் எண் பிரமாதமாக வருவது இதனால்தான். ஆனால் நாற்பது பேர் உலாவியில் வேலை செய்யும் லேபில் காற்றில் ஓடுபவை பெரும்பாலும் சில்லறை: முகவரி தேடும் கேள்விகள், சின்னச் சின்ன வேண்டுகோள்கள், வந்து சேர்ந்ததற்கான ரசீதுகள். மூட்டை கட்ட அவற்றில் சரக்கு போதாது.

கூட்டம் கூடும்போது இன்னொரு தொல்லையும் சேரும். எண் தேர்வு 0 முதல் 15 வரை என்று சொன்னேன், அதாவது 16 எண்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அனுப்பக் காத்திருந்தால் ஒரே எண் பலருக்கு விழுந்தே தீரும். மிகச் சிறிய எண் இருவருக்கு விழுந்துவிட்டால் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கி, இரண்டு பாக்கெட்டும் பாழாகும். மோதியவர்கள் அடுத்த முறை 32 எண்களிலிருந்து தேர்வார்கள், மறுபடி மோதினால் 64, இப்படியே கூடிக்கொண்டு போகும். காத்திருப்பு நீள்கிறது. பாடம் தொடங்கும் முதல் நிமிடத்தில், எல்லோரும் ஒன்றாக லாகின் செய்யும்போது, நிலைமை மிக மோசமாக இருந்து பிறகு கொஞ்சம் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைஃபை 6 இந்தச் சில்லறைப் பிரச்சினையைத்தான் குறிவைக்கிறது. ஒரு சேனலைச் சிறு துண்டுகளாக்கி ஒரே முறையில் பல லேப்டாப்களோடு பேச அதற்கு முடியும். ஆனால் லேப்டாப்களும் வைஃபை 6 வகையாக இருந்தால்தான். பழைய லேப்டாப்களை வைத்துக்கொண்டு கூரையில் மட்டும் புதியதை மாட்டினால் இந்த வசதி சும்மா கிடக்கும்.

## நிரம்பியிருப்பது காற்றா, கம்பியா?

எதையும் மாற்றுவதற்கு முன் நெரிசல் காற்றில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நாற்பது பேரும் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு `ping` அடித்துப் பாருங்கள். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால்:

```
ping 192.168.1.1
```

லேப் காலியாக இருந்தபோது 2, 3 மில்லி விநாடி காட்டியது இப்போது 150, 300 என்று துள்ளினால், இடையிடையே பதிலே வராமல் போனால், தாமதம் லேபுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டருக்கு 3 மில்லி விநாடியில் பதில் வந்து, வெளி இணையத்துக்கு மட்டும் தாமதம் என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். வெளி லைன்தான் நிரம்பியிருக்கிறது.

லேபுக்குள் என்று தெரிந்தபின்னும் ஒரு சந்தேகம் பாக்கி. ஆக்சஸ் பாயின்ட்டை நெட்வொர்க் சுவிட்சோடு இணைக்கும் கேபிள். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடி வயர்களும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலோ பிளக்கில் சரியாக உட்காராவிட்டாலோ இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஐந்து பேருக்கு அது தெரியாது, நாற்பது பேருக்குத் தலைக்கு இரண்டு மெகாபிட் சொச்சம்தான் மிஞ்சும். சுவிட்சின் விளக்கு நிறமோ, ஆக்சஸ் பாயின்ட்டின் நிலைப் பக்கமோ வேகம் 1000-ஆ 100-ஆ என்று சொல்லிவிடும். பத்து நொடி வேலை, ஆனால் இதைப் பார்க்காமல் புது ஆக்சஸ் பாயின்ட் வாங்கி அதே கேபிளில் மாட்டினால் பழைய வேகமேதான் வரும்.

இப்போது காற்று. பல ஆக்சஸ் பாயின்ட்கள் தங்கள் சேனல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத் தாங்களே அறிவித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் லேப்டாப் ஒன்று இருந்தால் அதைப் படிக்கலாம் (`wlan0` என்ற இடத்தில் உங்கள் வைஃபை கார்டின் பெயர்):

```
sudo iw dev wlan0 scan
```

நீளமாக வரும் விடையில் நம் ஆக்சஸ் பாயின்ட்டின் பகுதியில் இப்படி ஒன்று இருக்கும்:

```
BSS Load:
     * station count: 40
     * channel utilisation: 212/255
```

255-க்கு 212 என்றால் 83 சதவீதம். நூறு நொடியில் 83 நொடி சேனலில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 70, 80-ஐத் தாண்டினால் ஒவ்வொருவரும் மைக்குக்காகக் காத்திருப்பதை நேரடியாக உணர்வார்கள். மாறாக, எல்லோரும் திணறும் நேரத்தில் இது 30 சதவீதம் என்று காட்டினால் காற்றில் இடம் இருக்கிறது. அந்தக் கேபிளை மறுபடி பாருங்கள்.

அதே எண்ணை லேபில் யாரும் இல்லாதபோதும் எடுத்து வைக்க வேண்டும். காலி லேபிலேயே 40 சதவீதம் காட்டினால் அது பக்கத்து அறைகளின் வைஃபை. இங்கேதான் சேனல் அகலம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்பது 36, 40, 44, 48 என்ற நான்கு 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்களைச் சேர்த்துக் கட்டியது. பக்கத்து அறை 44-இல் பேசினாலும் நாம் முழு 80-ஐப் பயன்படுத்த முடியாது. காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த முறைக்கு அகலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அகலம் கூடக் கூட அண்டை வீட்டார் எண்ணிக்கையும் கூடுகிறது. அகலம் இரட்டிப்பாகும்போது இரைச்சலும் 3 டெசிபல் ஏறும் என்பதால் கடைசி வரிசை லேப்டாப்கள் இன்னும் மெதுவாகும். சுற்றிலும் வேறு வைஃபை இல்லாத தனிக் கட்டடத்தில், ஒரே ஆக்சஸ் பாயின்ட் என்றால் 80 நல்லதுதான். மற்ற இடங்களில் 40-ஐ முயன்று, இரண்டிலும் நாற்பது பேரோடு சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சேனல் சும்மாவே நிரம்பியிருக்க இன்னொரு காரணமும் உண்டு. மாணவர், ஆசிரியர், விருந்தினர், பிரின்டர் என்று ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் நான்கு பெயர்கள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்ற அறிவிப்பு போகும், அதுவும் மிகக் குறைந்த வேகத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த வேகம் 1 மெகாபிட்டாக இருந்தால் 300 பைட் அறிவிப்புக்கு 2.4 மில்லி விநாடி. நான்கு பெயர் என்றால் யாரும் எதுவும் செய்யாமலே பத்தில் ஒரு பங்கு நேரம் போய்விடும். பெயர்களை இரண்டாகக் குறைப்பதற்குச் செலவே இல்லை.

## இரண்டாகப் பிரிப்பது

மெதுவானவர்களைச் சரிசெய்து, கேபிளையும் பார்த்து, பெயர்களையும் குறைத்தபின்னும் 80 சதவீதம் காட்டினால் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் தேவை. அதை முதலாவதன் அதே சேனலில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒன்றை ஒன்று கேட்கும், ஒரே மைக்குக்காகக் காத்திருக்கும், கூடுதலாக இன்னொருவர் அறிவிப்பு வேறு. "இரண்டு மாட்டியும் அப்படியேதான் இருக்கிறது" என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டும் எந்தச் சேனலில் இருக்கின்றன என்பதைத்தான்.

ஒரு 80-ஐ இரண்டு 40-ஆக உடைப்போம்: ஒன்று 36-40, மற்றது 44-48. இப்போது ஒவ்வொன்றிலும் பேசும் வேகம் 400-தான், மொத்தத்தில் பழைய 867-ஐ விடக் கூடவில்லை. பிறகு என்ன லாபம்? மேலே போட்ட பாக்கெட் கணக்குக்குத் திரும்பினால் தெரியும். ஒரே 80-இல் ஒரு சின்னப் பாக்கெட்டுக்கு 214 மைக்ரோ விநாடி. இரண்டு 40-இல் ஒவ்வொன்றுக்கும் 230, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு போகின்றன, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 115. சில்லறைப் போக்குவரத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. அதோடு ஒவ்வொரு சேனலிலும் போட்டியிடுவது நாற்பதுக்குப் பதில் இருபது பேர் என்பதால் மோதலும் குறைகிறது. பெரிய கோப்பு இறக்குவதற்கு மட்டுமே லேப் பயன்படுகிறது என்றால் இந்த லாபம் அவ்வளவு இருக்காது.

நடைமுறையில் 36-40, 44-48 இரண்டும் ஒட்டி இருப்பவை. ஒரே அறையில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் சிக்னல் விளிம்பு தாண்டி மற்றதில் கசியும். அறையின் எதிரெதிர் பக்கங்களில் மாட்டி, இரண்டின் சக்தியையும் குறைத்து வைக்க வேண்டும். 149-153 போன்ற தூரச் சேனல் அனுமதிக்கப்பட்ட இடமாக இருந்தால் இரண்டாவதை அங்கே கொண்டுபோவது இன்னும் நல்லது.

பிரித்தபின் லேப்டாப்கள் இருபது இருபதாகத் தாமே பிரிந்து உட்காரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு சேர்வது என்பதை முடிவு செய்வது லேப்டாப்தான். கதவருகே இருக்கும் ஒன்றை உள்ளே வரும்போதே பிடித்துக்கொண்டு, கடைசி இருக்கைக்குப் போனபிறகும் விடாமல் இருக்கும். அதே `iw` கட்டளையில் ஒன்றில் 33, மற்றதில் 7 என்று `station count` காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. கதவருகே இருப்பதன் சக்தியை இன்னும் சற்றுக் குறைக்கலாம். லேப்டாப்கள் நிரந்தரமாக அந்தந்த மேசையிலேயே இருப்பவை என்றால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, இடப்பக்க மேசைகளுக்கு ஒன்று, வலப்பக்க மேசைகளுக்கு மற்றொன்று என்று கையாலேயே பிரித்துவிடலாம். அழகான வழி இல்லை, ஆனால் லேபில் இதுதான் அடம்பிடிக்காமல் வேலை செய்கிறது.

அப்புறம் அதே 200 மெகாபைட் கோப்பு, அதே நாற்பது பேர், அதே `ping`, அதே `channel utilisation` எண், இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் தனித்தனியாக. இரண்டும் 45, 50 சதவீதத்தில் நின்று `ping` பத்து இருபது மில்லி விநாடிக்குள் அடங்கினால் வேலை முடிந்தது. ஒன்றில் யாரும் எதுவும் செய்யாதபோதும் மற்றதன் சுமையோடு சேர்ந்து இதன் எண்ணும் ஏறினால், இரண்டும் இன்னும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. சேனல்களை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.